மிதவை சொல்வதும் ஒளி சொல்வதும்

உடன்குடியைத் தாண்டிப் போகும் சாலையில், சித்திரை மாதத்துக் காலை ஒன்றில் பதனீர் வாங்கினேன். தென்மாவட்டத்தில் பதனி என்பார்கள். பனையோலைப் பட்டையில் வயிறு நிறையக் குடித்துவிட்டு, ஒரு புட்டியிலும் பிடித்துக்கொண்டேன். விற்றவர் பணத்தை வாங்கி மடியில் வைத்தபடி சொன்னார்: "மத்தியானத்துக்குள்ள குடிச்சிருங்க அண்ணாச்சி. வச்சிருந்தா புளிச்சிரும்."

நான் வாங்கியது குடிப்பதற்காக மட்டும் அல்ல. இனிப்பு எவ்வளவு இருக்கிறது, புளித்தால் எவ்வளவு சர்க்கரை ஆல்கஹாலாக மாறுகிறது என்பதை இரண்டு எளிய கருவிகளை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. ஒன்று, திரவத்தில் மிதக்கும் கண்ணாடிக் குழாய். பால் பண்ணையில் பால்மானி என்று எல்லோரும் பார்த்திருக்கும் அதே வகை. ஹைட்ரோமீட்டர் என்பது அதன் பொதுப்பெயர். இன்னொன்று, ஒரு சாண் நீளத்தில் சிறு தொலைநோக்கி போல இருக்கும் ரிஃப்ராக்டோமீட்டர். கரும்பு வெட்டும் காலத்தில் சர்க்கரை ஆலைக் களப் பணியாளர்களின் சட்டைப் பையில் இருப்பது அதுதான்.

மிதவையின் வேலை அடர்த்தியைச் சொல்வது. அடியில் ஈயக் குண்டுகள், மேலே அளவுக்கோடு வரைந்த மெல்லிய தண்டு. கனமான திரவத்தில் தண்டு உயர்ந்து நிற்கும், லேசான திரவத்தில் அமிழும். தண்ணீரில் சர்க்கரை கரைந்தால் திரவம் கனக்கும் என்பதால், தண்டில் நேரடியாகச் சர்க்கரை அளவையே குறித்துவிடலாம். அந்த அளவைக்குப் பிரிக்ஸ் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் இதற்கான அட்டவணையைத் திருத்தமாகக் கணக்கிட்ட ஜெர்மானியர் அடால்ஃப் பிரிக்ஸின் பெயர் அது. 100 கிராம் கரைசலில் 12 கிராம் சர்க்கரை இருந்தால் 12 பிரிக்ஸ்.

ரிஃப்ராக்டோமீட்டர் எடையைப் பார்ப்பதில்லை. ஒளி திரவத்துக்குள் எவ்வளவு மெதுவாகப் போகிறது, அதனால் எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறது. வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தைத் திரவத்தில் அதன் வேகத்தால் வகுத்தால் வருவது ஒளிவிலகல் எண். 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீருக்கு அது 1.3330. அதில் 10 சதவீதம் சர்க்கரை கரைந்தால் 1.3479. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் கருவி அதைக் கண்ணுக்குத் தெரியும் கோடாக்கிவிடுகிறது. முன்முனையில் உள்ள கண்ணாடிப் பட்டகத்தின் மேல் இரண்டு சொட்டு விட்டு, மூடியைக் குமிழி இல்லாமல் படிய வைக்க வேண்டும். பட்டகமும் சொட்டும் ஒரே சூட்டுக்கு வர அரை நிமிடம் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துத் திருப்பிக் கண்ணில் வைத்தால் மேல்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி வெள்ளையாகவும் தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடு அளவுகோலில் எங்கே விழுகிறதோ அதுதான் பிரிக்ஸ். ஒரு குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் ஒளி திரவத்துக்கும் பட்டகத்துக்கும் இடையே கடக்க முடிவதில்லை. அந்த எல்லைக் கோணம்தான் அங்கே கோடாக விழுகிறது. திரவம் மாறினால் கோணம் மாறும், கோடும் நகரும்.

வீட்டுக்கு வந்ததும் பதனீரைத் துணியில் வடிகட்டினேன். சுண்ணாம்புக் கலங்கல் இருந்தால் நீல, வெள்ளைக் கோடு மங்கிப் போகும். ஐஸ் தண்ணீர்ச் சட்டியில் புட்டியை வைத்து, வெப்பமானி 20 காட்டும்வரை காத்திருந்தேன். இந்த இரண்டு கருவிகளும் 20 டிகிரிக்குத்தான் அளவு குறிக்கப்பட்டவை. நம் ஊர் 30 டிகிரி வீட்டில் அப்படியே அளந்தால், ரிஃப்ராக்டோமீட்டர் முக்கால் பிரிக்ஸ் அளவுக்குக் குறைத்துக் காட்டும். தானாகவே வெப்பத் திருத்தம் செய்யும் கருவிகளும் உண்டு. ஆனால் அந்தத் திருத்தம் சர்க்கரைக் கரைசலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. ஆல்கஹால் கலந்த திரவத்துக்கு அது பொருந்தாது. குளிர வைத்து அளப்பதுதான் நம்பகம்.

புதுப் பதனீரில் இரண்டு கருவிகளும் ஒன்றாகவே 12 என்றன. மிச்சத்தை மூடி தளர்ந்த புட்டியில் சமையலறை மேடையிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் காலை நுரை கட்டியிருந்தது. வாடை மாறியிருந்தது. அளப்பதற்கு முன் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பலமுறை ஆற்றி, கரைந்திருந்த வாயுவை விரட்டினேன். இதைச் செய்யாவிட்டால் குமிழிகள் மிதவையின் உடம்பில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கிவிடும், சர்க்கரை கூடுதலாக இருப்பது போலத் தெரியும். மிதவையை விட்டதும் தண்டைப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது நின்ற பிறகு, கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கிப் படித்தேன்.

மிதவை 4.7 என்றது. ரிஃப்ராக்டோமீட்டர் 7.2 என்றது.

ஒரே திரவம், ஒரே வெப்பம், ஒரே அளவை. எது சரி? இரண்டுமே தவறு. ஆனால் தவறும் விதம் நேர்மாறானது, அதில்தான் விஷயமே இருக்கிறது. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. அது கலந்ததும் திரவத்தின் அடர்த்தி இறங்குகிறது, சர்க்கரை உண்மையில் இருப்பதைவிடக் குறைந்துவிட்டதாக மிதவை நினைத்துக்கொள்கிறது. ஒளியை வளைப்பதில் ஆல்கஹால் தண்ணீரைவிட வல்லது. அதன் கரி அணுக்களும் ஹைட்ரஜன் அணுக்களும் பகிர்ந்துகொண்டுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியின் அலைப்புக்கு எளிதாக இசைந்து ஆடுபவை. அதனால் ஆல்கஹால் கலந்ததும் ஒளிவிலகல் எண் கூடுகிறது, சர்க்கரை அதிகம் இருப்பதாக ரிஃப்ராக்டோமீட்டர் நினைத்துக்கொள்கிறது. சர்க்கரை இரண்டு எண்களையும் மேலே தள்ளும். ஆல்கஹால் ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் தள்ளும்.

இனி கணக்கு எளிது. எடையில் 1 சதவீதம் ஆல்கஹால், ரிஃப்ராக்டோமீட்டரைச் சுமார் 0.41 பிரிக்ஸ் உயர்த்துகிறது, மிதவையைச் சுமார் 0.46 பிரிக்ஸ் இறக்குகிறது. இரண்டுக்கும் இடையே விழும் பிளவு 0.87. என் பதனீரில் பிளவு 7.2க்கும் 4.7க்கும் இடைப்பட்ட 2.5. அதை 0.87ஆல் வகுத்தால் 2.9. அதாவது எடையில் ஏறக்குறைய 3 சதவீதம் ஆல்கஹால். 2.9ஐ 0.41ஆல் பெருக்கினால் 1.2. அதை ரிஃப்ராக்டோமீட்டரின் 7.2லிருந்து கழித்தால், மிஞ்சிய சர்க்கரை 6. மிதவையின் பக்கமிருந்து வந்தாலும், 4.7உடன் 1.3 சேர்ந்து அதே 6.

சரிபார்க்க மூன்றாவது வழியும் இருக்கிறது. நேற்று 12 இருந்த சர்க்கரை இன்று 6 என்றால், 6 பங்கு புளித்துப் போயிருக்கிறது. நொதித்தலில் சர்க்கரையின் எடையில் ஏறக்குறைய பாதி ஆல்கஹாலாகும், மறு பாதி கரியமில வாயுவாகப் பறந்துவிடும். 6இல் பாதி 3. கணக்கு ஒத்துப்போகிறது. இன்னும் ஒரு நாள் விட்டு அளந்திருந்தால் இவ்வளவு சுத்தமாக ஒத்துப்போகாது. பாக்டீரியாக்கள் ஆல்கஹாலை அசெட்டிக் அமிலமாக்கத் தொடங்கியிருக்கும், இரண்டு எண்களுக்கு மூன்று பொருள்கள் என்றாகிவிடும். வீட்டில் திராட்சை ஒயின் போடுபவர்கள் ரிஃப்ராக்டோமீட்டரை மட்டும் பார்த்து, எல்லாச் சர்க்கரையும் தீர்ந்த ஒயினிலும் இன்னும் 7, 8 பிரிக்ஸ் மிச்சமிருக்கிறது என்று காத்துக் கிடப்பது இந்தக் காரணத்தால்தான். தண்ணீரைவிட லேசாகிவிட்டது என்று மிதவை அப்போதே சொல்லிக்கொண்டிருக்கும்.

பிளவு எந்தப் பக்கம் விழுகிறது என்பதிலும் சேதி உண்டு. 10 கிராம் சமையல் உப்பை 90 கிராம் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் 11.7 பிரிக்ஸ் என்னும், மிதவை 17 பிரிக்ஸைத் தாண்டும். இங்கே மிதவை மேலே, ஒளி கீழே. உப்பு திரவத்தைக் கனமாக்கும் அளவுக்கு ஒளியை வளைப்பதில்லை. ஒரு துளி சர்க்கரைகூட இல்லாத இந்தத் தண்ணீருக்கு இரண்டு கருவிகளும் பிரிக்ஸ் அளவு கொடுப்பதைக் கவனிக்க வேண்டும். பிரிக்ஸ் என்ற எண், உள்ளே கரைந்திருப்பது சர்க்கரை மட்டுமே என்ற அனுமானத்தில் நிற்பது. கரும்பு ஆலைகளில் பிரிக்ஸோடு நிறுத்தாமல், சர்க்கரையைத் தனியே அறிய போலாரிமீட்டரில் 'போல்' பார்ப்பதும் அதனால்தான். சாற்றில் உப்புகளும் மற்றச் சர்க்கரைகளும் கலந்திருக்கும்.

ஆல்கஹால் மட்டும் தண்ணீரோடு இருந்தால் என்ன ஆகும்? ஆல்கஹாலின் வலுவை அடர்த்தியால் அளப்பது சுங்கத் துறையின் பழைய வழக்கம். பிரிட்டன் 1816இல் சைக்ஸ் என்பவரின் மிதவையைச் சட்டப்படியான அளவியாக்கியது. அவர்கள் 'ப்ரூஃப்' என்று வைத்த வரையறையே எடையில்தான் இருந்தது: 51 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதே கன அளவு தண்ணீரின் எடையில் 13இல் 12 பங்கு எடையுள்ள சாராயம். அது கன அளவில் 57.1 சதவீத ஆல்கஹால். நம் நாட்டு மதுப் புட்டிகளில் 42.8 சதவீதம் என்று வினோதமான எண் அச்சாகியிருப்பது அந்தக் கணக்கின் மிச்சம். 57.1இல் முக்கால் பங்கு 42.8. காலனிக் காலத்து மிதவை இன்னும் லேபிளில் மிதந்துகொண்டிருக்கிறது.

ஆல்கஹாலில் ஒளி தடுமாறும் இடமும் ஒன்று உண்டு. தண்ணீரில் ஆல்கஹாலைக் கூட்டிக்கொண்டே போனால் ஒளிவிலகல் எண் ஏறும், ஆனால் கடைசிவரை ஏறாது. எடையில் 80 சதவீதத்துக்கு அருகே 1.3658இல் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். தூய ஆல்கஹாலுக்கு 1.3614தான். இரண்டும் கலக்கும்போது மூலக்கூறுகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று நெருங்கி உட்காருகின்றன. 50 மி.லி. தண்ணீரும் 50 மி.லி. ஆல்கஹாலும் சேர்ந்தால் 100 மி.லி. வராமல் 97க்குப் பக்கத்தில் நிற்கும். அந்த நெருக்கம் ஒளியையும் கூடுதலாக வளைக்கிறது. விளைவு, 70 சதவீதக் கரைசலும் 90 சதவீதக் கரைசலும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்று: 1.3652, 1.3650. கை கழுவும் சானிடைசரின் வலுவை ஒளியை வைத்து மட்டும் சொல்லப் போனால் தலைகீழாகத் தவறிவிடலாம். மிதவைக்கு இங்கே குழப்பமே இல்லை. 0.8676, 0.8180 என்று இரண்டும் தள்ளித் தள்ளி நிற்கும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், மிதவைக்குக் கொஞ்சமும் தெரியாத ஒன்று இருக்கிறது. அது மெத்தனால்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். தொழிற்சாலைகளுக்கான கரைப்பான் அது. உடம்புக்குள் போனதும் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் பார்வை நரம்பைத் தாக்குகிறது. சாதாரண ஆல்கஹாலும் மெத்தனாலும் நிறமற்றவை. வாடையில் பிரித்தறிவது கடினம். அடர்த்தியிலோ அவை இரட்டைப் பிள்ளைகள். தூய நிலையில் ஒன்று 0.789, மற்றது 0.792. தண்ணீரோடு 40 சதவீதம் கலந்தால் 0.9352, 0.9345. மிதவையின் தண்டில் இந்த வேறுபாடு ஒரு கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும். வலுவான சாராயம்தான் என்று சைக்ஸின் மிதவை கூசாமல் சாட்சி சொல்லும்.

ஒளி அப்படிச் சொல்லாது. அதே 40 சதவீதக் கரைசல்களில் ஆல்கஹாலுக்கு ஒளிவிலகல் எண் 1.3583, மெத்தனாலுக்கு 1.3426. கைக்கருவியின் பிரிக்ஸ் அளவுகோலில் சொன்னால், ஒன்று பதினாறரைக்கு அருகில், மற்றது ஆறரையில். இடையே பத்துக் கோடுகள். மெத்தனால் மூலக்கூறில் கரி ஒன்றுதான். ஒளிக்கு இசைந்தாடும் எலெக்ட்ரான்கள் அந்த அளவுக்குக் குறைவு. தூய மெத்தனால் தண்ணீரைவிடவும் குறைவாகவே ஒளியை வளைக்கிறது, 1.3290.

இதைப் பயன்படுத்தி ஆய்வு செய்யலாம் என்பது நூறாண்டுக்கு முன்பே தெரிந்ததுதான். அமெரிக்காவின் லீச், லித்கோ ஆகிய இரண்டு உணவு ஆய்வாளர்கள், மிதவை அடர்த்தியையும் திரவத்துக்குள் அமிழ்த்தும் ரிஃப்ராக்டோமீட்டரின் அளவையும் சேர்த்துப் பார்த்து, ஆல்கஹாலில் மெத்தனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்கிடும் முறையை 1905இல் வெளியிட்டார்கள்.

முறை இதுதான். சந்தேகப்படும் மாதிரியில் 100 மி.லி. எடுத்துக் காய்ச்சி வடிக்க வேண்டும். சர்க்கரை, நிறம், உப்பு எல்லாம் குடுவையிலேயே தங்கிவிடும், ஆவியாகக்கூடியவை மட்டும் வந்து சேரும். வடிந்ததில் தூய நீர் சேர்த்து மறுபடி 100 மி.லி. ஆக்கி, 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, இரண்டு எண்களையும் எடுக்க வேண்டும். அடர்த்தி 0.935 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அது 40 சதவீதக் கரைசல், எந்த ஆல்கஹாலாக இருந்தாலும். இனி ஒளியைக் கேட்கலாம். அது 1.3583 என்றால் மெத்தனால் இருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. 1.3426 என்றால் முழுவதும் மெத்தனால். 1.3505 என்றால்? இரு முனைகளுக்கும் நடுவே உள்ள தூரம் 0.0157, நம் எண் மேல்முனையிலிருந்து 0.0078 இறங்கி நிற்கிறது. பாதித் தூரம். ஆகவே உள்ளே இருக்கும் ஆல்கஹாலில் ஏறக்குறைய பாதி மெத்தனால்.

வடிக்காமல் அளந்தால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்யாகும். சாராயத்தில் கரைந்துள்ள எந்தச் சர்க்கரையும் இரண்டு எண்களையும் தூக்கிவிடும். அடையாளம் மறைந்து போகும். ஆகவே கைக்கருவியை வாங்கி வைத்துக்கொண்டு, குடிக்கப் போகும் ஒரு கிளாஸை 'பாதுகாப்பானது' என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. வடித்து அளந்தாலும் எல்லை இருக்கிறது. ஆல்கஹாலில் 20இல் ஒரு பங்கு மெத்தனால் என்றால், எண் 0.0008தான் இறங்கும். அறை இரண்டரை டிகிரி சூடானாலே அதே அளவு இறங்கிவிடும். அதற்கும் கீழான கலப்பை இந்த வழியில் காண முடியாது, அது தீங்கற்றது என்றும் சொல்ல முடியாது. நீதிமன்றத்துக்குப் போகும் முடிவைத் தடய அறிவியல் கூடங்கள் வாயு குரோமட்டோகிராஃபியில் எடுப்பது அதனால்தான். ஆவியாக்கிய மாதிரி ஒரு நீண்ட மெல்லிய குழாய்க்குள் ஓட, ஒவ்வொரு பொருளும் தனித்தனி நேரத்தில் வெளியே வரும். அங்கே மெத்தனாலுக்கும் ஆல்கஹாலுக்கும் இடையே அனுமானத்துக்கு வேலையில்லை.

இரண்டு எண்களும் சேர்ந்தே ஏமாறும் ஒரு இடத்தையும் சொல்லிவிட வேண்டும். நகப்பூச்சைத் துடைக்கும் அசிட்டோனுக்கு அடர்த்தி 0.790, ஒளிவிலகல் எண் 1.3588. தூய ஆல்கஹாலுக்கு 0.789, 1.3614. அடர்த்தி ஒன்றுபோல. ஒளியில் வேறுபாடு 0.0026, அதுவும் ஆல்கஹாலை 6 டிகிரி சூடாக்கினால் காணாமல் போய்விடும். இரண்டு பக்கமும் வெப்பத்தைக் கட்டுப்படுத்திய கருவியால் மட்டுமே இவற்றைப் பிரிக்க முடியும். அது இல்லாத இடத்தில் மூன்றாவது எண் ஒன்றை எடுப்பேன். வடிக்கும் குடுவையின் கழுத்தில் செருகிய வெப்பமானியைப் பார்த்தால் போதும். அசிட்டோன் என்றால் 56 டிகிரியில் ஆவி வரத் தொடங்கும், ஆல்கஹால் 78க்குக் காத்திருக்கும்.